வருமானத்தின் வட்ட ஓட்டம்: கசிவுகளை எக்ஸெல் தாளில் பிடிப்பது எப்படி?

குடும்பங்கள் உழைப்பைத் தருகின்றன, நிறுவனங்கள் கூலி தருகின்றன. அந்தக் கூலி கடைகள் வழியாகத் திரும்ப நிறுவனங்களுக்கே போகிறது. இரண்டு பெட்டி, இரண்டு அம்புக்குறி படம் எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கும். அதைப் பார்த்தால் பணம் என்றைக்கும் சுற்றிக்கொண்டே இருக்கும் போலத் தோன்றும். எங்கே, எவ்வளவு வெளியேறுகிறது என்று பார்க்க எனக்குப் படத்தைவிட எக்ஸெல்தான் பிடிக்கும். 1949-ல் பொருளியலாளர் பில் பிலிப்ஸ் இதற்காகவே லண்டன் பொருளாதாரக் கல்லூரியில் தண்ணீர் ஓடும் இயந்திரம் ஒன்றை இயக்கிக் காட்டினார். நமக்கு பன்னிரண்டு வரிசை போதும், கூகுள் ஷீட்ஸிலும் வேலை செய்யும்.

அரசு சாலை வேலைக்கு 100 கோடி ரூபாய் கூலி தருகிறது என்று வைத்துக்கொள்வோம். வரி 20%. வரி போக மிஞ்சியதில் 25% சேமிப்பு. செலவு செய்வதில் ஆறில் ஒரு பங்கு இறக்குமதிப் பொருளுக்கு. இந்த வீதங்கள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை, எந்த நாட்டின் புள்ளிவிவரமும் அல்ல. வீதங்களைத் தனிக் கட்டங்களில் வையுங்கள், பின்னால் மாற்றிப் பார்க்க வேண்டும்.

```
H1: 20%
H2: 25%
H3: =1/6
A2: 100
B2: =A2*$H$1
C2: =(A2-B2)*$H$2
D2: =A2-B2-C2
E2: =D2*$H$3
A3: =D2-E2
```

A வருமானம், B வரி, C சேமிப்பு, D செலவு, E இறக்குமதி. B2 முதல் E2 வரையிலும், A3-யையும் 11-ஆம் வரிசை வரை கீழே இழுங்கள். `$` குறியை விட்டுவிட்டால் வீதங்கள் கட்டம் விட்டுக் கட்டம் நழுவி, இரண்டாவது சுற்றிலேயே எண்கள் தாறுமாறாகும்.

இப்போது பலரும் தடுமாறும் இடம். மூன்று வீதங்களும் ஒரே தொகையின் மேல் விழுவதில்லை. 100-ல் வரி 20 போனால் கையில் இருப்பது 80. சேமிப்பு அந்த 80-ல் 25%, அதாவது 20. மீதி 60 முழுவதும் கடைக்குப் போகிறது, ஆனால் அதில் 10 வெளிநாட்டுக்கு. இறக்குமதி செலவுக்கு உள்ளேயே ஒளிந்திருக்கிறது. அதனால்தான் நாட்டின் மொத்த உற்பத்தியைக் கணக்கிடும் `C+I+G+X-M` என்ற சூத்திரத்தில் இறக்குமதியான `M`-க்கு முன்னால் கழித்தல் குறி: நுகர்வு, முதலீடு, அரசுச் செலவு ஆகியவற்றில் ஏற்கெனவே சேர்ந்துவிட்ட வெளிநாட்டுப் பொருளை வெளியே எடுக்கிறோம், அவ்வளவுதான்.

ஆக, உள்ளூர் நிறுவனங்களுக்கு 50 திரும்புகிறது. அது அடுத்த சுற்றின் வருமானம். அப்புறம் 25, அப்புறம் 12.5. 12-ஆம் வரிசையில் `=SUM(A2:A11)` போடுங்கள்: 199.8 வரும். முடிவில்லாமல் நீட்டினால் 200. அதே வரிசையில் மற்றவற்றையும் கூட்டினால் வரி 40-ஐயும், சேமிப்பு 40-ஐயும், இறக்குமதி 20-ஐயும் நெருங்கும். மூன்றும் சேர்ந்து 100. உள்ளே போட்ட தொகை முழுவதும் கசிந்த பிறகுதான் ஓட்டம் அடங்குகிறது. கசிவே இல்லையென்றால் கூட்டல் எங்கும் நிற்காது.

சரி, H2-வை 40% ஆக்குங்கள். மொத்த வருமானம் 200-லிருந்து ஏறத்தாழ 166.7-க்கு இறங்கும். சேமிப்பு 40-லிருந்து 53.3 ஆகிறது, வீதம் உயர்ந்த அளவுக்கு அது உயரவில்லை, ஏனென்றால் வீதம் விழும் வருமானமே சுருங்கிவிட்டது. வரி 33.3, இறக்குமதி 13.3. கூட்டினால் மறுபடியும் 100-தான்.

இந்தக் கணக்கு வேலையில்லாத ஆட்களும் சும்மா நிற்கும் இயந்திரங்களும் இருக்கும்போது மட்டுமே பொருந்தும். எல்லோரும் ஏற்கெனவே வேலையில் இருந்தால் புதிய செலவு உற்பத்தியைக் கூட்டாது, விலையைத்தான் ஏற்றும்.

பின்குறிப்பு 1: “வங்கியில் போட்டதை வங்கி கடனாகக் கொடுக்கிறதே, அது எப்படிக் கசிவு?” என்று ஒருவர் கேட்டிருந்தார். சேமிப்பவர் ஒருவர், கடன் வாங்கித் தறி போடுபவர் வேறொருவர். இவர் சேமித்ததற்காக அவர் தறி போடப்போவதில்லை. அவர் போட்டால் அதை முதலீடு என்ற உட்செலுத்தலாக A2-வில் சேருங்கள். சமநிலையில் சேமிப்பு, வரி, இறக்குமதி ஒரு பக்கமும் முதலீடு, அரசுச் செலவு, ஏற்றுமதி மறுபக்கமுமாக `S+T+M = I+G+X` என்று மொத்தம் மட்டுமே ஒத்துப்போக வேண்டும். சேமிப்பும் முதலீடும் தனித்தனியாகச் சமமாக இருக்க வேண்டியதில்லை.

பின்குறிப்பு 2: நகை வாங்குவது சேமிப்பா, இறக்குமதியா? நல்ல கேள்வி. வாங்குகிறவருக்கு அது சேமிப்பு. ஆனால் புதிதாக வந்த தங்கமென்றால், இந்தியா தன் தேவையில் பெரும்பகுதியை வெளியிலிருந்தே வாங்குவதால், தங்கத்தின் விலை E-க்குப் போகிறது. ஜிஎஸ்டி B-க்கு. பத்தருக்குப் போகும் செய்கூலியும் கடைக்காரரின் லாபமும் மட்டுமே A3-க்குத் திரும்பும். பழைய நகையை உருக்கிச் செய்தால் E-யில் எதுவும் விழாது.