500 யூனிட்டில் ஒரு கண் இருக்கட்டும்

மின்கணக்கு எடுப்பதற்குப் பத்து நாள் முன்பே மீட்டரைப் பாருங்கள். திரையில் மாறி மாறி வரும் எண்களில் kWh என்று இருப்பதிலிருந்து சென்ற முறை கணக்கைக் கழித்தால், இதுவரை ஓடிய யூனிட் தெரியும். அது 500-ஐ நெருங்கினால் ஏசி, ஹீட்டரைக் குறையுங்கள்.

தமிழகத்தில் இரண்டு மாதத்துக்கு ஒரு கணக்கு; முதல் 100 யூனிட் இலவசம். 500-க்குள் இருந்தால் அடுத்த 100 யூனிட்டுக்கு, யூனிட் ஒன்றுக்கு 2.35 ரூபாய்தான். தாண்டினால் அதே 100 யூனிட்டுக்கும் 4.70 ஆகிவிடும். வரம்பு மீறிய யூனிட்டுக்கு மட்டும்தான் விலை கூடும் என்று பலர் நினைப்பது தவறு.

கும்பகோணத்தில் ஒரு வீடு, 2024 ஜூலைக் கட்டணப்படி. மீட்டரில் முன்பு 12480, இப்போது 12990; ஓடியது 510. 200-க்கு மேல் 400 வரை யூனிட்டுக்கு 4.70, அதற்கு மேல் 500 வரை 6.30, 500-ஐத் தாண்டிய பத்துக்கு 8.40.

```
510: 300×4.70 + 100×6.30 + 10×8.40 = 2124
500: 100×2.35 + 200×4.70 + 100×6.30 = 1805
```

பத்து யூனிட்டுக்கு 319 ரூபாய்!

வழக்கமாகவே 700, 800 ஓடும் வீட்டுக்கு இது உதவாது. கடை இணைப்புக்கும் பொருந்தாது; அதன் கட்டணமே வேறு. வயல் பம்புசெட்டு தனி இணைப்பு என்பதால் இந்தக் கணக்கில் சேராது.