அம்மை கண்ட மாணவரும் பொதுத்தேர்வும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுகள் நடக்கும் மார்ச், ஏப்ரல் மாதங்கள், சின்னம்மை பலருக்கும் காணும் வெயில் காலமும் ஆகும். அம்மை கண்ட மாணவரைத் தேர்வு மையத்தில் தனி அறையில் அமர்த்தி எழுத வைப்பது இங்கே வழக்கத்தில் உள்ளதுதான். ஆயினும், சொன்னால் உள்ளே விடமாட்டார்கள் என்று அஞ்சி, முழுக்கைச் சட்டையால் கொப்புளங்களை மறைத்துப் பிள்ளையை அனுப்பும் பெற்றோர் இருக்கிறார்கள். தவறுகளில் இதுவே பெரியது. சின்னம்மைக் கிருமி காற்றிலும் பரவக்கூடியது. ஒரே அறையில் மூன்று மணி நேரம் அமர்ந்திருக்கும் மற்ற மாணவர்களுக்கும், அறைக் கண்காணிப்பாளர் இதுவரை அம்மை காணாத கர்ப்பிணியாக இருந்தால் அவருக்கும் வயிற்றுக் குழந்தைக்கும், அதனால் உண்மையான ஆபத்து உண்டு. தேர்வின் நடுவில் தெரியவந்து இடம் மாற்றப்பட்டால் மாணவருக்கும் நேரமும் மன அமைதியும் போய்விடும்.

அடுத்த தவறு, தேர்வன்று காலையில் வாசலில் வந்து சொல்வது. பத்து மணிக்குத் தேர்வு தொடங்கி, வினாத்தாளைப் படிக்கப் பத்து நிமிடமும் விவரங்களைச் சரிபார்க்க ஐந்து நிமிடமும் போக, 10.15-க்கு எழுதத் தொடங்குவார்கள். அதற்கு முந்தைய நேரத்தில், ஏற்கெனவே அறைவாரியாகப் பணி ஒதுக்கப்பட்ட ஆசிரியர்களிலிருந்து தனி அறைக்கென ஒருவரைப் பிரித்து எடுப்பது எளிதன்று. வகுப்பாசிரியரிடம் சொல்லிவிட்டோம் என்று இருந்துவிடுவதும் போதாது. மையம் வேறொரு பள்ளியாக இருக்கலாம். மருத்துவச் சான்றுடன் தலைமையாசிரியரிடம் முந்தைய நாளே தெரிவித்து, செய்தி மையத்தின் முதன்மைக் கண்காணிப்பாளரைச் சென்றடைந்ததா என்று மாலைக்குள் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

எந்தெந்தத் தேர்வுக்குத் தனி அறை தேவை என்பதைக் கணக்கிடுவதிலும் பிழை நேர்கிறது. ஒரு மாணவிக்கு ஞாயிறு மாலை முதல் கொப்புளம் தோன்றுகிறது என்று கொள்வோம். தேர்வுகள் செவ்வாய், வெள்ளி, அடுத்த செவ்வாய் ஆகிய நாட்களில் உள்ளன. கொப்புளம் தோன்றுவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்து, எல்லாக் கொப்புளங்களும் காய்ந்து பொருக்குத் தட்டும் வரை நோய் பரவும். இதற்குப் பெரும்பாலும் ஐந்து நாட்களோ சற்றுக் கூடுதலாகவோ ஆகும். ஆகவே செவ்வாயும் வெள்ளியும் தனி அறைதான். காய்ச்சல் விட்டது என்பதாலோ தலைக்குத் தண்ணீர் ஊற்றியாயிற்று என்பதாலோ வெள்ளியன்று பொது அறைக்குச் செல்லக் கூடாது. அடுத்த செவ்வாய்க்குள் புதுக் கொப்புளம் எதுவும் இல்லாமல் எல்லாம் பொருக்காகிவிட்டால், மருத்துவர் பார்த்துச் சொன்னபின் மற்றவர்களோடு அமரலாம். வீட்டில் பத்தாம் வகுப்பு எழுதும் தம்பி இருந்தால், அவனுக்குப் பெரும்பாலும் இரண்டு வாரம் கழித்து, அதாவது அவன் தேர்வு நடக்கும்போதே, அம்மை காணக்கூடும். முன்பு தடுப்பூசி போடாத, அம்மையும் காணாத பிள்ளைக்கு, தொடர்பு ஏற்பட்ட மூன்று முதல் ஐந்து நாட்களுக்குள் தடுப்பூசி போட்டால் பயன் உண்டு.

அம்மன் வந்திருக்கிறாள், மருந்து கூடாது என்ற நம்பிக்கையால் மருத்துவரிடம் போகாமலே இருந்துவிடுகிறார்கள். வேப்பிலையும் வழிபாடும் வீட்டில் இருக்கட்டும். கூடவே மருத்துவரையும் பார்க்க வேண்டும். பதின்வயதினருக்குச் சின்னம்மை சிறு குழந்தைகளைவிடக் கடுமையாக இருக்கும். மருத்துவர் வைரஸ் எதிர்ப்பு மாத்திரை கொடுப்பதானால் கொப்புளம் தோன்றிய 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பயன் தரும். ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. அரிப்புக்குத் தரும் மாத்திரைகளில் சில தூக்கத்தை வரவழைப்பவை. தேர்வன்று காலையில் அதை விழுங்கிவிட்டு வரும் பிள்ளை பதினொரு மணிக்கு மேசையில் தலை சாய்ப்பதுண்டு. எனவே தேர்வு நேரத்தைச் சொல்லி, எதை எப்போது போடுவது என்று மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஃப்ளூ காய்ச்சலுக்குக் கணக்கு வேறு. மாத்திரை இல்லாமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாதிருந்தால் பெரும்பாலும் பொது அறை போதும். பாராசிட்டமால் போட்டுச் சூடு தணிந்ததைக் குணமாகிவிட்டதாக எண்ணக் கூடாது. மையத்தினரும் ஃப்ளூ மாணவரையும் அம்மை மாணவரையும் ஒரே தனி அறையில் போடக் கூடாது, போட்டால் ஒருவர் நோய் மற்றவருக்கும் வரும். சன்னல் திறக்கும், வெளிச்சமுள்ள அறையும், முன்பே அம்மை கண்டு தேறிய கண்காணிப்பாளரும் தேவை.

எழுத முடியாவிட்டால் தனக்கென மறுதேர்வு வைப்பார்கள் என்று நம்புவதும் தவறு. 2020-இல் கொரோனாவால் நீட் எழுத முடியாதவர்களுக்கு அக்டோபர் 14-ஆம் தேதி தனித் தேர்வு நடந்தது உச்ச நீதிமன்றம் அனுமதித்ததால்தான், அது விதிவிலக்கு. பொதுத்தேர்வில் தவறவிட்ட பாடத்தைத் துணைத்தேர்வில் எழுதலாம். எழுதி முடித்த மற்ற பாடங்களின் மதிப்பெண் அப்படியே இருக்கும். அதற்கு முடிவுகள் வந்தபின் அறிவிக்கும் தேதிக்குள் விண்ணப்பிக்க வேண்டும். காய்ச்சல் ஏறி, மூச்சு வாங்கும் நிலையில் உள்ள பிள்ளையை மையத்துக்கு இழுத்துச் செல்வதைவிட அந்தப் பாடத்தைத் துணைத்தேர்வுக்கு விடுவதே சரி.