பி செல்லுக்கு டி செல்லின் துணை எப்போது கிடைக்கும்? ஹிப் தடுப்பூசியை வரைந்து புரிந்துகொள்ளலாம்

"புரதம் என்றால் டி-சார்ந்த ஆன்டிஜென்: ஐஜிஜி வரும், நினைவு இருக்கும். சர்க்கரை என்றால் டி-சாரா ஆன்டிஜென்: ஐஜிஎம் மட்டும், நினைவு இல்லை." பி செல் ஆன்டிபாடி தயாரிக்கும் வெள்ளை அணு, டி செல் அதற்குத் துணை நிற்கும் இன்னொரு வெள்ளை அணு, ஐஜிஎம், ஐஜிஜி என்பவை ஆன்டிபாடி வகைகள். இந்த அட்டவணையை நான் இரண்டு முறை மனப்பாடம் செய்தேன். ஆனால் தேர்வில் வந்த கேள்வி வேறு: சர்க்கரையைப் புரதத்தோடு ஒட்டிக் கொடுத்தால் சர்க்கரைக்கு எதிராகவே ஐஜிஜி வருகிறதே, ஏன்? அங்கே நின்றுவிட்டேன். பிறகு ஹிப் தடுப்பூசியைத் தாளில் வரைந்து பார்த்த நாளில்தான் தெளிந்தது. அதே வரிசையில் இங்கே எழுதுகிறேன்.

தேவையானவை ஒரு வெள்ளைத் தாள், ஒரு நீலப் பேனா, ஒரு சிவப்புப் பேனா. சர்க்கரை எல்லாம் நீலம், புரதம் எல்லாம் சிவப்பு. இந்தப் பாடத்துக்கு மட்டும் அனிமேஷன் வீடியோ வேண்டாம் என்பேன். எல்லாம் நகர்ந்துகொண்டே இருப்பதால் எந்த செல் எதைப் பிடிக்கிறது என்பது மனதில் நிற்பதில்லை.

படி 1: வெறும் சர்க்கரையை வரையுங்கள்

ஹிப் என்பது ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயன்ஸே வகை பி என்ற பாக்டீரியா. சிறு குழந்தைகளுக்கு மூளை உறை அழற்சியைத் தருவது. அதன் வெளியுறை பிஆர்பி என்ற நீண்ட சர்க்கரைச் சங்கிலி. ஒரே துண்டு திரும்பத் திரும்ப வரும். நீலப் பேனாவால் ஒரு மணிமாலை போல வரையுங்கள். பக்கத்தில் ஒரு பி செல்லும், அதன் மேல் வரிசையாகப் பல ஏற்பிகளும்.

எல்லா மணியும் ஒன்றே என்பதால் ஒரே மாலை பல ஏற்பிகளை ஒரே நேரத்தில் இழுத்துப் பிணைக்கிறது. அந்தப் பிணைப்பே பி செல்லைத் தூண்டப் போதும், டி செல் வரவேண்டிய அவசியம் இல்லை. டி-சாரா என்ற பெயர் இதனால்தான். வேலை சில நாட்களில் முடிந்துவிடும்: பெரும்பாலும் ஐஜிஎம் வரும், பிறகு குறையும். சொல்லிக்கொள்ளும்படி நினைவு செல் உருவாவதில்லை. அதனால் இன்னொரு தடவை அதே சர்க்கரையைக் கொடுத்தாலும், இரண்டாம் முறைக்கே உரிய அந்த வேகமான ஏற்றம் வராது.

(டி-சாரா ஆன்டிஜென்களில் இன்னொரு வகையும் உண்டு. லிப்போபாலிசாக்கரைடு போன்றவை வேறு ஏற்பி வழியாகவும் பி செல்லைத் தூண்டும். இப்போதைக்கு அதை விட்டுவிடலாம்.)

1985ல் அமெரிக்காவில் வந்த முதல் ஹிப் தடுப்பூசி இந்த நீல மாலை மட்டும்தான். 18 மாதத்துக்குக் குறைந்த குழந்தைகளிடம் அது சரியாக வேலை செய்யவில்லை, ஏனென்றால் வெறும் சர்க்கரைக்குப் பதில் தரும் திறன் பி செல்களுக்கு அந்த வயதில் முதிர்ந்திருக்காது. நோய் அதிகம் தாக்குவதோ அந்தக் குழந்தைகளைத்தான்.

படி 2: புரதத்தை ஒட்டுங்கள்

நீல மாலையின் ஓரத்தில் ஒரு சிவப்பு உருண்டையை ஒட்டுங்கள். அது டெட்டனஸ் டாக்ஸாய்ட், அதாவது விஷம் நீக்கிய டெட்டனஸ் புரதம். வேதிப் பிணைப்பால் ஒட்டியிருக்கிறது என்பது முக்கியம், ஏன் என்று அடுத்த படியில் தெரியும். இப்படி ஒட்டியதுதான் கான்ஜுகேட் தடுப்பூசி.

படி 3: நான் தடுக்கி விழுந்த இடம்

டி செல்லும் சர்க்கரையைத்தான் அடையாளம் காண்கிறது என்று நினைத்திருந்தேன். இல்லை. இங்கே உதவிக்கு வரும் டி செல் பார்ப்பது எம்ஹெச்சி 2 என்ற தட்டில் வைத்துக் காட்டப்படும் பெப்டைடைத்தான். பெப்டைடு புரதத்திலிருந்து மட்டுமே கிடைக்கும். ஆக, இரண்டு செல்களும் ஒரே பொருளின் இரண்டு வேறு பகுதிகளைப் பார்க்கின்றன. இதை மெதுவாக வரையுங்கள்:

பி செல்லின் ஏற்பி நீலத்தைப் பிடிக்கிறது. பிடித்ததை உள்ளே இழுக்கும்போது ஒட்டியிருக்கும் சிவப்பும் கூடவே வருகிறது. உள்ளே சிவப்பு வெட்டப்பட்டுச் சிறு பெப்டைடுகளாகி, தட்டில் ஏறி வெளியே வருகிறது. இப்போது அந்த பி செல், ஏற்பியில் நீலம், தட்டில் சிவப்பு என்று நிற்கிறது. டெட்டனஸ் பெப்டைடை அடையாளம் காணும் உதவி டி செல் அந்தச் சிவப்பைப் பார்த்து நெருங்கி, தன் மேலுள்ள சிடி40 லிகண்ட் என்ற புரதத்தை பி செல்லின் சிடி40 என்ற ஏற்பியில் பொருத்தி, சைட்டோகைன் என்ற சமிக்ஞைப் புரதங்களையும் கொடுக்கிறது.

டி செல்லுக்குத் தெரிந்தது டெட்டனஸ் மட்டுமே. ஆனால் அதன் துணை போய்ச் சேர்ந்தது சர்க்கரையைப் பிடிக்கும் பி செல்லுக்கு. அதனால் வரும் ஆன்டிபாடியும் சர்க்கரைக்கு எதிரானதுதான்.

புரிந்ததா என்று சோதிக்க ஒரு கேள்வி: ஒட்டாமல் இரண்டையும் ஒரே குப்பியில் கலந்து மட்டும் கொடுத்தால்? நீலத்தைப் பிடித்த பி செல் நீலத்தை மட்டுமே விழுங்கும். தட்டில் வைக்கச் சிவப்பு இருக்காது, டி செல் வராது. சர்க்கரையைப் பொறுத்தவரை படி 1க்கே திரும்பிவிடுவோம்.

படி 4: துணை கிடைத்த பிறகு

டி செல்லின் துணை கிடைத்த பி செல்கள் நிணநீர் முடிச்சில் ஜெர்மினல் சென்டர் என்ற கூட்டத்தை அமைக்கின்றன. அங்கே ஏஐடி என்ற நொதி ஆன்டிபாடி மரபணுவில் மாற்றங்கள் செய்கிறது. ஐஜிஎம் ஐஜிஜியாக மாறலாம், சர்க்கரையைப் பிடிக்கும் பகுதியும் திருத்தப்படுகிறது. இறுக்கமாகப் பிடிப்பவை தேர்ந்தெடுக்கப்படும். அவற்றில் சில நினைவு செல்களாகவும், சில எலும்பு மஜ்ஜையில் நெடுங்காலம் தங்கும் பிளாஸ்மா செல்களாகவும் மாறும்.

இந்த வரிசையில் சிடி40 லிகண்ட் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. அது பிறவியிலேயே குறைபட்ட ஆண் குழந்தைகளின் ரத்தத்தில் ஐஜிஎம் இயல்பாகவோ அதிகமாகவோ இருக்கும், ஐஜிஜியும் ஐஜிஏவும் மிகக் குறைவாக இருக்கும். ஹைப்பர் ஐஜிஎம் நோய் என்பார்கள். உங்கள் படத்தில் டி செல்லின் சிடி40 லிகண்டை மட்டும் அழித்துப் பாருங்கள், இந்த ரத்தப் பரிசோதனை முடிவை நீங்களே சொல்லிவிடலாம்.

தமிழ்நாட்டில் 2011 டிசம்பரிலிருந்து அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் பென்டாவேலன்ட் என்ற ஐந்து நோய்களுக்கான கூட்டு ஊசியாக 6, 10, 14 வாரங்களில் போடுகிறார்களே, அதில் இருக்கும் ஹிப் பகுதி கான்ஜுகேட்தான். ஆறு வாரக் குழந்தையிடம் அது வேலை செய்வது படி 3ஆல்தான்.

பின்சேர்க்கை 1: டி-சாரா ஆன்டிஜெனுக்கு ஐஜிஜி வரவே வராதா என்று ஒருவர் கேட்டிருந்தார். வரும். பெரியவர்களுக்கு வெறும் சர்க்கரைத் தடுப்பூசி போட்டால் ஐஜிஎம்மோடு ஐஜிஜி2வும் கிடைக்கும். ஆகவே "ஐஜிஎம் மட்டும்" என்ற அட்டவணை வரியை "பெரும்பாலும் ஐஜிஎம், பெரியவர்களிடம் ஐஜிஜி2வும்" என்று திருத்திக்கொள்ளுங்கள். ஐஜிஜியைக் கண்டதும் டி செல் வந்திருக்கிறது என்று முடிவு கட்டக் கூடாது. அதே ஊசியை மறுபடி போட்டபோது அளவு வேகமாக ஏறியதா என்று கேட்பதே நல்ல வழி.

பின்சேர்க்கை 2: நினைவு செல் இருந்தால் பூஸ்டர் எதற்கு என்பது இன்னொரு கேள்வி. பிரிட்டனில் 1992ல் பூஸ்டர் இல்லாமல் குழந்தைகளுக்கு ஹிப் கான்ஜுகேட் தொடங்கினார்கள். நோய் சட்டென்று விழுந்தது. ஆனால் 1999க்குப் பிறகு மெல்ல ஏறத் தொடங்கியது. 2003ல் சிறப்பு பூஸ்டர் முகாம் நடத்தி, 2006ல் 12 மாத வயது பூஸ்டரை வழக்கமான அட்டவணையிலேயே சேர்த்தார்கள். காரணங்களில் ஒன்று நேரம். நினைவு செல் விழித்து ஆன்டிபாடி தயாரிக்கச் சில நாட்கள் ஆகும், ஹிப்போ அதற்குள் ரத்தத்தில் பெருகிவிடும். அதனால் கிருமி வரும் நாளிலேயே ரத்தத்தில் ஐஜிஜி போதுமான அளவு இருந்தாக வேண்டும், அந்த அளவை உயர்த்தி வைப்பதுதான் பூஸ்டரின் வேலை.