திருவலையைக் கழுவித் தந்தாரா, இல்லையா? – சோடிப் பாட்டு எழுதும்போது விடுகிற பிழைகள்

கல்யாண வீட்டுக்கென்று மாப்பிள்ளை பொம்பிளையின் கதையை வைத்துப் பாட்டுச் செய்து தரச்சொல்லி இப்ப கிளிநொச்சிப் பக்கமும் கேட்கிறார்கள். பெரும்பாலும் கேட்பது கனடாவிலோ லண்டனிலோ இருக்கிற அண்ணாவோ அக்காவோதான். முதல் பிழை அங்கேயே தொடங்கிவிடுகிறது, ஏனென்றால் ‘சர்ப்ரைஸ்’ என்று சொல்லிச் சோடியோடு கதைக்க விடாமல் கதையைத் தாங்களே வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். அதில் “மடுத் திருவிழாவில் கண்டவை, பிறகு விரும்பினவை” என்று இரண்டு வரிதான் இருக்கும். அதை வைத்து எழுதினால் நிலா, தென்றல், கண்ணே மணியே என்று யாருக்கும் பொருந்துகிற பாட்டுத்தான் வரும். சர்ப்ரைஸ் வேண்டுமென்றால் மெட்டை ஒளித்து வையுங்கள், கதையைச் சோடியிடமே கேளுங்கள்.

கேட்கும்போது இரண்டு பேரையும் ஒன்றாக இருத்திக் கேட்பது அடுத்த பிழை. ஒருவர் கதைக்க மற்றவர் சிரித்துக்கொண்டு தலையாட்டுவார், அவ்வளவுதான். நான் இந்த மடுச் சோடியைத் தனித்தனியே, ஆளுக்கு அரை மணித்தியாலத்துக்கு மேல் கேட்டேன். “எப்படிக் காதல் வந்தது” என்று கேட்காமல், “அண்டைக்கு நீங்கள் எங்கே நின்றீர்கள், கையில் என்ன இருந்தது, முதலில் வாய் திறந்தது யார்” என்று கேட்டேன். ஆகஸ்ட் 15 திருவிழாவுக்கு மடுவில் சனம் நாள் கணக்காகத் தங்கி மரங்களுக்குக் கீழே சமைத்துச் சாப்பிடும் என்பது தெரிந்ததுதானே. மாப்பிள்ளையின் வீட்டாட்கள் தேங்காய் திருவலையை மறந்துவிட்டு வந்திருக்கிறார்கள். பக்கத்துக் கொட்டிலில் கேட்டு வாங்கிவரச்சொல்லி அம்மா அனுப்ப, எடுத்துக் கொடுத்தது இந்தப் பிள்ளை. “பின்னேரமே கழுவிக் கொண்டுபோய்க் கொடுத்தன்” என்றார் அவர். அவவோ, “எங்க கழுவினவர், பூ ஒட்டினபடிதானே தந்தவர், நான்தான் கழுவினனான்” என்றா.

பாட்டு இங்கேதான் இருக்கிறது. எது உண்மை என்று விசாரித்துச் சமரசம் செய்யப் போனால் கெடுத்துவிடுவீர்கள். பல்லவியை இப்படி வைத்தேன்:

கழுவித் தந்தேன் என்கிறான் – அவன்
கழுவவில்லை என்கிறாள்

அப்புறம் சேர்த்துவிடுகிற ஆசை. அவர் படித்த பள்ளிக்கூடம், மோட்டார் சைக்கிள், முறிகண்டியில் இறங்கிக் கச்சான் வாங்கியது, மோதிரம் மாற்றியது, எல்லாம் வேண்டும் என்று அண்ணா அடம்பிடித்தார். மூன்றரை நிமிடப் பாட்டில் முன்னிசை, இடையிசை போனால் ஒரு பல்லவிக்கும் இரண்டு சரணத்துக்கும்தான் இடம். முதல் சரணத்தில் திருவலை போனது, இரண்டாவதில் வந்தது. கச்சான் ஒரு வரியில் தப்பியது, மிச்சம் இல்லை.

மெட்டோடு சேரும்போதுதான் மானம் போகிற பிழை நடக்கும். முதல் சரணத்தை “மடுவிலே ஒரு மாலையில்” என்று தொடங்கியிருந்தேன். மெட்டில் முதல் எழுத்து தாளத்தில் இரண்டு அட்சரத்துக்கு நீளும். பாடிப் பார்த்தால் “மாடுவிலே” என்று கேட்கிறது! குறிலை நீண்ட சுரத்தில் நிறுத்தினால் அது நெடிலாகிவிடும், கல் காலாகும், வரம் வாரமாகும். வாசிக்கும்போது இது தெரியாது, பாடினால்தான் தெரியும். மெட்டைக் கொஞ்சம் மாற்றி, முதல் எழுத்தைச் சட்டென்று எடுத்து நீட்டலைப் பின்னுக்குத் தள்ளி, “மடுக்கோயில் மரநிழலில்” என்று வைத்தேன். நீட்டல் ‘கோ’வில் விழுந்தது, சரியாகிவிட்டது. ‘திருவலை’யில் கடைசி ‘லை’யை விட்டால் நீட்ட இடமே இல்லை, அதனால் அதை ஓட்டமான இடத்தில் போட்டேன். அதை ‘துருவி’ என்று மாற்றச்சொன்ன பாடகருக்கு மாட்டேன் என்றுவிட்டேன், அந்த வீட்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை.

இன்னொன்று, எங்கள் பக்கத்தில் கட்டாயம் யோசிக்க வேண்டியது. இங்கே நிறையப் பேர் முதலில் கண்டது இடம்பெயர்ந்த வழியில், 2009இல் செட்டிகுளம் முகாமில், தண்ணீர் வரிசையில். சொல்கிறவர் சிரித்துக்கொண்டு சொன்னாலும் மண்டபத்தில் கேட்கிற தாய்க்கு அந்த வரிசையில் வேறு ஞாபகம் இருக்கும். பேட்டி முடிகிறபோது, “இதில் எதை எல்லோருக்கும் முன்னால் பாடலாம், எதைப் பாடக்கூடாது” என்று ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேளுங்கள். மடுப் பிள்ளையே, அவர் அடுத்த நாள் சாட்டுச் சொல்லி உப்புக் கேட்டு வந்ததை “அப்பாவுக்கு முன்னால வேண்டாம்” என்று தடுத்தவ. உப்பு வெட்டுப்பட்டது, எனக்குக் கவலைதான்.

ஸ்டூடியோவுக்குப் போக முதல், போனிலேயே வாத்தியம் இல்லாமல் பாடிப் பதிந்து, கதை தெரியாத ஒருவருக்குப் போட்டுக் காட்டி, கேட்ட சொற்களைத் திருப்பிச் சொல்லச்சொல்லுங்கள். என் தங்கச்சி அதைக் கேட்டுவிட்டு முதலில் கேட்டது, “உண்மையா அவர் கழுவினவரோ?”