பிரெட் மாவு பதம் பார்ப்பது எப்படி? ஜன்னல் சோதனையும் விரல் சோதனையும்

பிரெட் செய்முறை எதை எடுத்தாலும் "பத்து நிமிடம் பிசையுங்கள், ஒரு மணி நேரம் மூடி வையுங்கள்" என்றுதான் இருக்கும். அதை எழுதியவரின் சமையலறை 22 டிகிரியில் இருந்திருக்கலாம். மே மாதத்துச் சென்னைச் சமையலறையில் அதே மாவு 33 டிகிரியில் இருக்கும். ஈஸ்ட் இன்னும் சுறுசுறுப்பாக வேலை செய்யும். பிசையும் கையின் பலமும் ஆளுக்கு ஆள் மாறும். அதனால் கடிகாரத்தைக் குத்துமதிப்பாக மட்டும் வைத்துக்கொண்டு, மாவைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். பிசைந்தது போதுமா என்பதற்கு ஒரு சோதனை, உப்பியது போதுமா என்பதற்கு ஒரு சோதனை. இரண்டுக்கும் விரல்கள் தவிர வேறு கருவி தேவையில்லை.

ஒரு சாதாரண சாண்ட்விச் பிரெட்டை வைத்தே இதைப் பார்ப்போம். மைதா 300 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 4 கிராம், சர்க்கரை 15 கிராம், உப்பு 6 கிராம், தண்ணீர் 190 மில்லி, மென்மையான வெண்ணெய் 20 கிராம். எட்டுக்கு நான்கு அங்குல பிரெட் டின்னுக்கு இது சரியாக இருக்கும். மைதாவுக்கு மைதா நீர் குடிக்கும் அளவு மாறும் என்பதால் தண்ணீரில் 20 மில்லியை நிறுத்தி வைத்து, மாவு வறண்டிருந்தால் மட்டும் சேருங்கள். கோடையில் குளிர்ந்த தண்ணீர் நல்லது. பிசையும்போதே மாவு சூடேறிவிடும்.

முதலில் ஓய்வு, பிறகு பிசைதல்

வெண்ணெய் தவிர மற்ற எல்லாவற்றையும் கலந்து, காய்ந்த மாவு எங்கும் தெரியாத அளவுக்கு மட்டும் சேர்த்துவிட்டு, 20 நிமிடம் மூடி வையுங்கள். மைதாவிலுள்ள புரதங்கள் நீரைக் குடித்து ஒன்றோடொன்று பிணைந்து குளூட்டன் என்ற வலையாக மாறத் தொடங்குவது இந்த நேரத்தில்தான். பிசைவது அந்த வலையை வரிசைப்படுத்தி உறுதியாக்குகிறது. இந்த ஓய்வைத் தவிர்த்தால், அதே பதத்துக்கு வரக் கை கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கும்.

பிறகு உள்ளங்கையின் அடிப்பகுதியால் மாவை முன்னே தள்ளி, மடித்து, கால் வட்டம் திருப்பி மறுபடி தள்ளுங்கள். ஐந்து நிமிடம் போனதும் வெண்ணெயைச் சிறிது சிறிதாகச் சேருங்கள். கொழுப்பு முதலிலேயே போய்விட்டால் மாவுத் துகள்களைப் பூசிக்கொண்டு, குளூட்டன் உருவாவதைத் தாமதப்படுத்தும். வெண்ணெய் சேர்த்ததும் மாவு நழுவி, பிரிந்து, கெட்டுப்போனது போலத் தோன்றும். அப்போது உலர்ந்த மைதாவைத் தூவாதீர்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் வெண்ணெயை மாவு தானே உள்வாங்கிக்கொள்ளும்.

ஜன்னல் சோதனை

மாவு வழவழப்பாகி மேடையை விட்டு விலகத் தொடங்கியதும் சோதிக்கலாம். எலுமிச்சம்பழ அளவு மாவைக் கிள்ளி எடுத்து, உருட்டி, இரண்டு நிமிடம் மூடி வையுங்கள். இந்த இரண்டு நிமிடத்தை யாரும் விட்டுவிடக் கூடாது என்பேன். பிசைந்த கையோடு எடுத்த மாவு இறுகியிருக்கும். நன்றாகத் தேறிய மாவுகூட அப்போது கிழிந்து ஏமாற்றிவிடும். பரோட்டா மாஸ்டர்கள் எண்ணெயில் ஊறிய உருண்டையைத்தான் வீசி விரிக்கிறார்கள், பிசைந்த உடனே வீசுவதில்லை. காரணம் இதுவேதான்.

விரல் நுனிகளில் லேசாக எண்ணெய் தொட்டுக்கொண்டு உருண்டையை வடையளவு தட்டுங்கள். இரண்டு கைகளின் கட்டைவிரல்களும் மேலே, மற்ற விரல்கள் கீழே இருக்கட்டும். நடுவிலிருந்து வெளியே மெதுவாக விரித்து, சற்றே திருப்பி, மீண்டும் விரியுங்கள். ஒரே பக்கம் இழுத்தால் எந்த மாவும் கிழியும். நடுப்பகுதி மெல்லிய சவ்வாக வந்ததும் ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள்.

பிசைந்தது போதாத மாவு சவ்வாக மெலிவதற்கு முன்பே பிய்ந்துவிடும். பிய்ந்த ஓரம் கிழித்த துணி போலப் பிசிறுபிசிறாக இருக்கும். இன்னும் ஐந்து நிமிடம் பிசையுங்கள். பாதி வழி வந்த மாவு சவ்வாக விரியும், வெளிச்சமும் தெரியும்; ஆனால் கனமான நரம்புகள் குறுக்கே ஓடும், சற்று அழுத்தினால் கரடுமுரடான ஓட்டை விழும். இன்னும் இரண்டு மூன்று நிமிடம் போதும். பதம் வந்த மாவின் சவ்வு சீராக இருக்கும். பின்னால் இருக்கும் விரலின் நிழலும் ரேகையும் அதனூடே தெரியும். அதையும் தாண்டி இழுத்தால் ஓட்டை விழத்தான் செய்யும். அப்போது அந்த ஓட்டையின் விளிம்பைப் பாருங்கள். வட்டமாக, மழுங்கலாக இருந்தால் குளூட்டன் தேறிவிட்டது என்று பொருள். சவ்வு எவ்வளவு மெலிந்தது என்பதைவிட இந்த விளிம்பைத்தான் நான் நம்புவேன், ஏனென்றால் விரிக்கும் கைப்பழக்கம் இல்லாதவருக்கும் அது சரியான பதிலைச் சொல்லிவிடும்.

கையால் பிசைந்தால் இந்த மாவு வெண்ணெய் சேர்த்தபின் ஏறக்குறைய பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் இங்கே வரும். கையால் அளவுக்கு மீறிப் பிசைந்துவிடுவது கிட்டத்தட்ட நடக்காத காரியம். இயந்திரத்தில் நடக்கும்: இறுக்கமாக இருந்த மாவு சூடேறி, பளபளத்து, திடீரெனத் தளர்ந்து கையில் ஒட்ட ஆரம்பிக்கும். அப்படி உடைந்த வலையை மீட்க முடியாது. ஆகவே மிக்ஸரில் பிசைபவர்கள் ஆறாவது நிமிடத்திலிருந்தே அவ்வப்போது நிறுத்திச் சோதியுங்கள்.

இந்தச் சோதனை பொருந்தாத இடங்களும் உண்டு. முழுக் கோதுமை மாவில் உள்ள தவிட்டுத் துண்டுகள் சவ்வை அறுத்துவிடும் என்பதால், எவ்வளவு பிசைந்தாலும் மைதாவின் கண்ணாடிச் சவ்வு அதில் வராது. ஓரளவு விரிந்து, புள்ளி புள்ளியாக வெளிச்சம் தெரிந்தாலே போதும். பிசையாமல் இரவு முழுக்க ஊற வைத்துச் செய்யும் பிரெட்டுக்குக் கலந்தவுடன் இந்தச் சோதனையைச் செய்வதில் பொருளே இல்லை. அங்கே நேரம்தான் வலையைக் கட்டுகிறது.

விரல் சோதனை: இரண்டு முறை, இரண்டு பதில்கள்

குத்திப் பார்க்கும் இந்தச் சோதனையில் தொடக்கநிலையினர் குழம்பும் இடம் ஒன்று உண்டு. முதல் உப்பலின்போதும், டின்னில் நடக்கும் இரண்டாம் உப்பலின்போதும் ஒரே மாதிரிதான் குத்துகிறோம், ஆனால் எதிர்பார்க்க வேண்டிய பதில் வேறு.

முதல் உப்பலில் பாத்திரத்தில் மாவு ஏறக்குறைய இரு மடங்கானதும், மாவு தொட்ட இரண்டு விரல்களை நடுவில் இரண்டாம் கணு வரை இறக்கி எடுங்கள். குழி அப்படியே நின்றால் தயார். சுவர் நெருங்கி வந்து மூடிக்கொண்டால் இன்னும் 15 நிமிடம். குழியைச் சுற்றி மாவே பெருமூச்சு விட்டது போல அமிழ்ந்தால் நேரம் கடந்துவிட்டது. இந்தக் கட்டத்தில் அது பெரிய இழப்பில்லை, எப்படியும் காற்றை அழுத்தி வெளியேற்றிவிட்டுத்தான் உருட்டப் போகிறோம். இரண்டாம் உப்பலை மட்டும் சற்று முன்கூட்டியே கவனிக்கத் தொடங்குங்கள்.

30 டிகிரிச் சமையலறையில் இந்த மாவுக்கு முதல் உப்பல் 50 நிமிடம் போல ஆகும். வாய் அகன்ற பாத்திரத்தில் இரு மடங்கைக் கண்ணால் கணிப்பது கடினம். நேரான சுவருள்ள கண்ணாடித் தம்ளரில் ஒரு துண்டு மாவை அழுத்தி, மட்டத்தில் ரப்பர் பேண்ட் போட்டு, பெரிய மாவுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டால் சந்தேகம் தீரும்.

இரண்டாம் உப்பல்தான் கவனம் கேட்பது, ஏனென்றால் அடுத்தது நேராக ஓவன். மாவை இறுக்கமாகச் சுருட்டி, எண்ணெய் தடவிய டின்னில் வைத்து, ஈரத்துணியால் மூடுங்கள். 20 நிமிடத்துக்குப் பிறகு ஒரு விரலை மைதாவில் தொட்டு, ஓரமாக ஒரு சென்டிமீட்டர் அழுத்தி எடுத்துவிட்டு, மூன்று நான்கு நொடி பாருங்கள்.

விரலை எடுத்ததும் பள்ளம் சட்டென்று மறைந்தால் வலையில் இன்னும் நிறைய இழுவை மீதமிருக்கிறது. இப்போதே சுட்டால், உள்ளே காற்று வேகமாக விரிந்து பிரெட்டின் பக்கவாட்டைப் பிளந்துகொண்டு வெளியேறும். அடிப்பகுதி இறுகலாக இருக்கும். பள்ளம் மெதுவாகப் பாதி மேலே வந்து, சின்னத் தடம் விட்டு நின்றால் சுட வேண்டிய நேரம். வாயு சவ்வை நன்றாக இழுத்துவிட்டது, ஓவன் சூட்டில் இன்னும் கொஞ்சம் எழும்பும் தெம்பும் மிச்சம் இருக்கிறது. பள்ளம் அசையாமல் அப்படியே கிடந்தாலோ, சுற்றிலும் சரிந்தாலோ அந்தத் தெம்பு தீர்ந்துவிட்டது. ஓவனில் போனதும் நடு அமிழும். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று முடித்திருந்தால் மேல்தோலும் வெளுத்துப்போகும், மது வாடையும் வரலாம்.

முதல் உப்பலில் குழி நிற்பதைப் பார்த்துப் பழகியவர்கள், டின்னிலும் குழி நிற்கட்டும் என்று காத்திருந்து பிரெட்டைத் தாழவிட்டுவிடுகிறார்கள். டின்னில் நமக்கு வேண்டியது பாதி திரும்பும் பள்ளம்.

ஓவன் 190 டிகிரிக்குச் சூடாக 15, 20 நிமிடம் ஆகும்; அந்த நேரமெல்லாம் மாவு உப்பிக்கொண்டே இருக்கும். அதனால் பள்ளம் ஓரளவு வேகமாகத் திரும்பும் நிலையிலேயே ஓவனைப் போட்டுவிடுங்கள். கோடையில் நான் மாவை டின்னில் வைத்த பத்தாவது நிமிடமே போட்டுவிடுவேன். மாவு டின் விளிம்பை எட்டி, நடு ஒரு சென்டிமீட்டர் மேலே தலைகாட்டும்போது பள்ளமும் பாதியில் நின்றால், இரண்டு சாட்சிகளும் ஒத்துப்போகின்றன. 30 முதல் 35 நிமிடம் சுடுங்கள்.

விரல் பொய் சொல்லும் சமயங்களும் இருக்கின்றன. மாவின் மேல் காற்றுப் பட்டுத் தோல் காய்ந்திருந்தால், பள்ளம் அந்தத் தோலின் விறைப்பால் நிற்கும். உள்ளே மாவு இன்னும் இளசாகவே இருக்கும். ஈரத்துணி அதற்காகத்தான். குளிர்சாதனப் பெட்டியில் இரவு தங்கிய மாவில் வெண்ணெய் இறுகியிருப்பதால் உப்பாத மாவிலும் பள்ளம் நின்றுவிடும். அதை அறை வெப்பத்துக்கு வரவிட்டு, விளிம்பைத் தாண்டிய உயரத்தையும் பார்த்த பிறகே குத்த வேண்டும்.

டின்னில் கடந்துபோய்விட்டது என்று தெரிந்தால், ஓவனில் வைக்காமல் வெளியே எடுத்துக் காற்றை அழுத்தி நீக்கி, பத்து நிமிடம் ஓய்வுவிட்டு, மறுபடி சுருட்டி டின்னில் வையுங்கள். ஈஸ்ட் பெருகியிருப்பதால் இம்முறை வேகமாக எழும்பும். 15 நிமிடத்திலிருந்தே குத்திப் பாருங்கள். ஒரு முறை இப்படி மீட்கலாம். சர்க்கரை தீர்ந்து வலையும் தளர்ந்துவிடுவதால், இரண்டாவது முறையும் கடந்துபோன மாவைத் தட்டையாகத் தட்டி, எண்ணெய் தடவி, 220 டிகிரியில் தட்டை ரொட்டியாகச் சுட்டுவிடுவதே நல்லது.