தோழியின் வரைவுக்குக் கருத்து எழுதும்போது எங்கே சறுக்குகிறோம்

"கட்டுரை ரொம்ப நன்றாக இருக்கிறது. எளிமையான நடை. இன்னும் கொஞ்சம் தியரி சேர்த்தால் நன்றாக இருக்கும். சில எழுத்துப்பிழைகள் உள்ளன, திருத்தவும். வாழ்த்துகள்!"

எம்.ஏ. சமூகவியல் வகுப்பில் ஒருவர் வரைவை இன்னொருவர் படித்துக் கருத்து எழுதச் சொன்னால் பெரும்பாலும் கைக்கு வருவது இதுதான். பாராட்டு இருக்கிறது, ஆலோசனையும் இருக்கிறது, ஒரு மனமும் புண்படாது. ஆனால் இந்த ஐந்து வரிகளை முதியோர் இல்லம் பற்றிய கட்டுரைக்கும் ஒட்டலாம், சாதிச் சங்கங்கள் பற்றிய கட்டுரைக்கும் ஒட்டலாம். வரைவைத் திறந்தே பார்க்காமல் எழுதிவிடலாம் என்பதுதான் கோளாறு.

எங்கே சறுக்குகிறது என்று காட்ட ஒரு வரைவு வேண்டும். வகுப்பில் பார்த்த பலவற்றைக் கலந்து ஒன்றை உருவாக்கிக்கொள்கிறேன். தலைப்பு: 'கட்டணமில்லாப் பேருந்தும் பெண் விடுதலையும்'. தமிழ்நாட்டில் 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லை அல்லவா, அதைப் பற்றியது. எழுதியவள் ஒரு பேருந்து நிலையத்தில் காலை எட்டு மணியிலிருந்து ஒன்பதரைக்குள் 12 பெண்களிடம் பேசியிருக்கிறாள். முடிவுரையில் ஒரு வரி: "இத்திட்டம் தமிழகப் பெண்களை அதிகாரம் பெறச் செய்துள்ளது."

நடுவில், 'பணச் சேமிப்பு' என்ற பகுதியில், ஜவுளிக்கடையில் வேலை செய்யும் ஒரு பெண்ணின் பேச்சு வருகிறது: "முன்னாடி பஸ் காசு அவர்கிட்ட கேட்டு வாங்கணும். எங்க போறேன்னு சொல்லணும். இப்ப கேக்கறதே இல்ல. மிச்சமாகிற காசு சீட்டுக்குப் போகுது, அது அவருக்குத் தெரியாது."

இந்த மேற்கோளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பத் திரும்ப இங்கேதான் வரப்போகிறோம்.

பாராட்டை மெத்தையாகப் போடுவது

முதலில் இரண்டு நல்ல வார்த்தை, நடுவில் குறை, கடைசியில் மறுபடி நல்ல வார்த்தை. இப்படி எழுதினால் வலிக்காது என்று யாரோ சொல்லிக்கொடுத்திருப்பார்கள். படிப்பவளுக்கு இது இரண்டாவது முறையிலேயே புரிந்துவிடும். அப்புறம் முதல் வரியைத் தாண்டி 'ஆனால்' எங்கே வருகிறது என்றுதான் தேடுவாள். மெத்தைக்காகப் போட்ட பாராட்டைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்ள மாட்டாள்.

பாராட்டுக்கு ஒரு வேலை உண்டு. வரைவைத் திருத்தும்போது எதை வெட்டக்கூடாது என்று சொல்வது. இது பலருக்குத் தோன்றுவதே இல்லை. மேலே சொன்ன மேற்கோளையே பாருங்கள். சொல் எண்ணிக்கை கூடிவிட்டது என்று எழுதியவள் நாளை இரவு அதைத்தான் வெட்டுவாள், சேமிப்பைப் பற்றி வேறு நான்கு பெண்களும் சொல்லிவிட்டார்களே என்று. "எளிமையான நடை" என்ற பாராட்டால் அதைத் தடுக்க முடியாது.

இப்படி எழுதலாம்: "மூன்றாம் பக்கத்தில் ஜவுளிக்கடை அக்கா சொன்னதுதான் கட்டுரையில் என்னை நிறுத்திய இடம். நீ இதைச் சேமிப்பு என்ற பகுதியில் வைத்திருக்கிறாய். எனக்கு இது காசு பற்றிய பேச்சாகவே படவில்லை. பஸ் காசு கேட்பது என்றால் போகிற இடத்தைச் சொல்லி அனுமதி வாங்குவது. காசு கேட்பது நின்றதும் அனுமதி கேட்பதும் நின்றிருக்கிறது. இதைத் தனிப் பகுதியாக எடுத்து, மற்ற 11 பேரில் வேறு யாராவது இப்படிச் சொன்னார்களா என்று உன் குறிப்பேட்டில் பார்."

பாராட்டும் ஆலோசனையும் ஒரே இடத்திலிருந்து கிளம்புவதால் இங்கே 'ஆனால்' தேவைப்படவே இல்லை. எல்லா வரைவிலும் இப்படி ஓர் இடம் அமையாதுதான். அமைந்திருந்தால் அதைக் கண்டுபிடிப்பதே கருத்து எழுதுபவரின் முதல் வேலை.

"தியரி சேர்"

சமூகவியல் மாணவர்கள் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்ளும் ஆலோசனைகளில் இதற்கு இணையாகத் தீங்கு செய்வது வேறில்லை. இதைப் படித்தவள் என்ன செய்வாள்? முன்னுரையில் துர்கைம், மார்க்ஸ், வெபர் மூவருக்கும் ஆளுக்கொரு பத்தி எழுதிச் சேர்ப்பாள். அந்தப் பத்திகளுக்கும் பேருந்துக்கும் எந்தச் சம்பந்தமும் இருக்காது. கட்டுரை இரண்டு பக்கம் நீளும், வாதம் அங்கேயே நிற்கும்.

எந்த வரியில் கருத்தாக்கம் தேவைப்படுகிறது என்று காட்டினால்தான் பயன். இந்த வரைவில் இடம் தெளிவாகவே இருக்கிறது. 'அதிகாரம் பெறுதல்' என்ற சொல் பல இடங்களில் வருகிறது. ஓரிடத்தில் அது காசு மிச்சமாவது, இன்னோரிடத்தில் வேலைக்குப் போவது, வேறோரிடத்தில் தைரியம். பாலின ஆய்வாளர் நைலா கபீர் 1999இல் எழுதிய ஆய்வுக்கட்டுரையில் இதை மூன்றாகப் பிரித்தார்: கையில் இருக்கும் வளங்கள், அவற்றை வைத்து முடிவெடுத்துச் செயல்படும் திறன், அதனால் கிடைக்கும் பலன். வளம் கிடைத்தாலே அதிகாரம் கிடைத்துவிட்டது என்று சொல்ல முடியாது என்பது இந்தப் பிரிவினையால் வெளிச்சத்துக்கு வருகிறது. மிச்சமான காசு வளம். அதைக் கணவனுக்குத் தெரியாமல் சீட்டில் போடுவது செயல்படும் திறன். சீட்டு எடுத்து என்ன செய்தாள் என்பதற்கு வரைவில் பதில் இல்லை. ஆக, பலனைப் பற்றி இந்தக் கட்டுரையால் இப்போதைக்குப் பேச முடியாது.

கருத்தில் இவ்வளவும் எழுதத் தேவையில்லை. "நீ 'அதிகாரம்' என்று சொல்லும் இடங்களை எல்லாம் அடிக்கோடிட்டுப் பார், மூன்று வேறு பொருளில் வருகிறது. கபீரின் பிரிவினை உதவும்" என்றால் போதும். அவர் பெயர் உங்களுக்குத் தெரியாவிட்டாலும் முதல் பாதியைச் சொல்லிவிடலாம். அதுதான் கனமான பாதி.

இதற்கு அண்ணன் ஒருவன் உண்டு: "சாதியைப் பற்றிச் சொல்லவில்லையே, வர்க்கத்தைப் பற்றிச் சொல்லவில்லையே." எந்தக் கட்டுரையிலும் எதையோ சொல்லாமல்தான் விட்டிருப்பார்கள். வரைவுக்குள்ளேயே பிடி இருந்தால் மட்டும் கேளுங்கள். இதில் இருக்கிறது. கிராமத்திலிருந்து வரும் ஒரு பெண், பேருந்து நிற்பது ஊருக்குள், தன் வீடு காலனியில், தினமும் அவ்வளவு தூரம் நடந்து வருகிறேன் என்கிறார். எழுதியவள் அதைப் போகிறபோக்கில் விட்டுவிட்டாள். இலவசப் பேருந்து எந்தத் தெருவரை வருகிறது என்ற கேள்வி அங்கே காத்துக்கிடக்கிறது.

நடக்காத காரியத்தைக் கேட்பது

"12 பேர் போதாது, குறைந்தது 50 பேரிடமாவது பேசு." கேட்க நியாயமாகத் தோன்றும். கட்டுரை வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும், இன்று செவ்வாய். அவளால் முடியாது. முடியாத ஆலோசனையைப் பார்த்ததும் மற்ற ஆலோசனைகளையும் சேர்த்து மூடிவைத்துவிடுவாள்.

அதைவிட, இந்த ஆலோசனையே தவறு. அதே பேருந்து நிலையத்தில் அதே காலை நேரத்தில் 50 பேரிடம் பேசினாலும் கிடைப்பவர்கள் அநேகமாக வேலைக்கோ படிப்புக்கோ கிளம்பிய பெண்களாகத்தான் இருப்பார்கள். டிக்கெட் இலவசமான பிறகும் வீட்டைவிட்டு வெளியே வர முடியாத பெண்ணை நிலையத்தில் நின்றுகொண்டு சந்திக்க முடியாது. பேருந்தே வராத ஊர்க்காரரையும் முடியாது. எண்ணிக்கை கூடினால் இந்தச் சாய்வு குறையாது. 12 உரையாடல்கள் ஒரு வகுப்புக் கட்டுரைக்குத் தாராளம். "தமிழகப் பெண்களை" என்ற சொல்தான் அந்த 12 பேரைவிடப் பெரிதாக இருக்கிறது.

அதனால் கேட்க வேண்டியது இது: "முடிவுரையில் 'தமிழகப் பெண்கள்' என்பதை 'காலையில் வேலைக்குச் செல்லும், நான் பேசிய பெண்கள்' என்று சுருக்கினால் உன் தரவு அதைத் தாங்கும். யாரை எங்கே எப்போது சந்தித்தாய், அதனால் யார் விட்டுப்போனார்கள் என்று ஆய்வுமுறைப் பகுதியில் இரண்டு வரி சேர்." அரை மணி நேர வேலை. கட்டுரையும் உறுதியாகும்.

திட்டத்தைப் பற்றிய உங்கள் சொந்த அபிப்பிராயத்தை மதிப்புரையில் கொண்டுவருவதும் இந்த வகைதான். "இலவசம் கொடுத்தே கெடுக்கிறார்கள்" என்பதோ "அருமையான திட்டம்" என்பதோ வரைவைப் பற்றிய கருத்து அல்ல. டீக்கடையில் பேசிக்கொள்ளலாம்.

சொல்லியே ஆக வேண்டியதை மென்று விழுங்குவது

இப்போது மேற்கோளுக்கு மறுபடி வருவோம். வரைவில் அந்தப் பெண்ணின் உண்மைப் பெயர் இருக்கிறது. கடைப்பெயரும் கடைத்தெருப் பெயரும் இருக்கின்றன. கூடவே, கணவருக்குத் தெரியாமல் சீட்டுக் கட்டுகிறார் என்பதும். கட்டுரை வகுப்பில் பத்துப் பேர் கையில் போகும், துறை வாட்ஸ்அப் குழுவில் பிடிஎஃப் ஆகச் சுற்றும். உள்ளூரில் இது யார் காதுக்குப் போகும் என்று சொல்ல முடியாது.

நயமாகச் சொல்லிப் பழகியவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். "முடிந்தால் பெயரை மாற்றிப் பார்க்கலாமே" என்று கடைசி வரியில், எழுத்துப்பிழைகளுக்குப் பக்கத்தில் எழுதுகிறார்கள். இதில் முடிந்தால் என்பதே கிடையாது. முதல் வரியிலேயே வர வேண்டும், பாராட்டுக்கும் முன்னால்: "வேறு யாருக்கும் அனுப்புவதற்கு முன் பெயர், கடை, தெரு மூன்றையும் எடுத்துவிடு. பெயரை மட்டும் மாற்றினால் போதாது, ஒரே தெருவில் ஒரு கடை என்றால் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். 'ஜவுளிக்கடையில் வேலை செய்யும் பெண்' என்பது வாதத்துக்குப் போதும்." இதில் அவளைத் திட்டுகிற தொனி துளியும் வேண்டாம். நேர்காணல் எடுத்த உற்சாகத்தில் எல்லோரும் செய்வதுதான்.

எழுத்துப்பிழைகளுக்கு என்ன செய்வது? இந்தக் கட்டத்தில் ஒன்றும் செய்ய வேண்டாம். சேமிப்புப் பகுதியே பிரிந்து இரண்டாகப் போகிறது. அதில் பாதி வாக்கியங்கள் வெள்ளிக்கிழமை இருக்கப்போவதில்லை, அவற்றுக்குச் சந்தி பார்த்து என்ன பயன்? "வல்லினம் மிகும் இடங்கள் பல விட்டுப்போயிருக்கின்றன, கடைசி வடிவத்தை அனுப்பு, நான் ஒரு முறை பார்த்துத் தருகிறேன்" என்று எழுதிவிட்டு, அனுப்பும்போது பார்த்துக் கொடுங்கள்.