குரூப்ல நன்கொடை லிஸ்ட் ஓடுதா? மனசு நோகாம "முடியாது"ன்னு சொல்றது எப்படி

எங்க ஸ்கூல் பேட்ச் வாட்ஸப் குரூப்ல ஒருநாள் காலைல ஒருத்தன் அவங்க ஊர் கோயில் கும்பாபிஷேகத்துக்கு ஆளுக்கு 2000 ரூபா கேட்டு ஜிபே நம்பரோட மெசேஜ் போட்டான், கீழயே "1." போட்டு அவன் பேரு, 2000. அப்புறம் ஒவ்வொருத்தனா அதை காப்பி பண்ணி தன் பேரையும் சேத்து போட்டுட்டே வந்தானுங்க, மதியத்துக்குள்ள 14 பேர். எனக்கு போட முடியல, ஆனா சாமி காரியம், இல்லைன்னு வாயத் தொறந்து சொல்றதுக்கே ஒரு மாதிரி இருந்துச்சு. நான் சொதப்பினதையும் சேத்தே சொல்றேன்.

1. முதல்ல கைய கட்டுங்க

லிஸ்ட பாத்ததும் 🙏 போடத் தோணும், போடாதீங்க. நீங்க சாமிக்கு கும்பிடு போட்டீங்க, அவன் உங்க 2000-ஐ கணக்குல எழுதிக்குவான். "பாக்கறேன் மாப்ள"யும் அதே கதைதான். போட்டுட்டு டெலீட் பண்றது இன்னும் மோசம், டெலீட் பண்ண தடம் அங்கயே நிக்கும், என்னத்த போட்டு அழிச்சான்னு எல்லாரும் யோசிப்பானுங்க.

பாக்காத மாதிரி இருந்துடலாம்னும் நெனைக்காதீங்க. ப்ளூ டிக்க ஆஃப் பண்ணி வச்சிருந்தாலும் அது குரூப்புக்கு செல்லாது, அவன் தன் மெசேஜோட இன்ஃபோவ தொறந்தா யார் யார் படிச்சாங்கன்னு பேரோட தெரியும்.

2. அன்னிக்கே, தனியா

குரூப்ல "என்னால முடியாதுடா"ன்னு போட்டா, பின்னாடியே இன்னும் நாலு பேர் "எனக்கும் டைட்"னு ஆரம்பிப்பான், லிஸ்ட் அங்கயே படுத்துடும், பழி உங்க மேல. அவனுக்கு வலிக்கறது அந்த 2000 இல்ல, எல்லார் முன்னாடியும் இல்லைன்னு கேட்டதுதான். அதனால அவன் மெசேஜ அமுக்கிப் புடிச்சு, மெனுல `Reply privately` குடுங்க. அவன் மெசேஜோட சேந்தே அவன் தனி சாட்ல தொறக்கும், எதப்பத்தி பேசறீங்கன்னு தனியா விளக்க வேணாம்.

3. என்ன எழுதணும்

நான் முதல்ல அனுப்பினது: "மாப்ள இன்னும் சம்பளம் வரலடா." உடனே பதில், "அதனால என்ன மாப்ள, கும்பாபிஷேகத்துக்கு இன்னும் ஒன்றரை மாசம் இருக்கு, வந்ததும் போடு." முடிஞ்சுதா? காரணம் சொன்னா அந்த காரணத்துக்கு அவன் ஒரு வழி கண்டுபுடிப்பான், அவன் மேல தப்பில்ல, உதவி பண்றதா நெனச்சுதான் சொல்றான். இதுல அந்த சனிக்கிழமையே நான் பிரியாணியோட ஸ்டேட்டஸ் வேற வச்சேன், அவன்தான் மொத ஆளா பாத்தான்.

அப்புறம் ரெண்டு நாள் கழிச்சு திருத்தி அனுப்பினது இது:

"மாப்ள, சம்பளம்னு சொன்னது சும்மாடா, சாரி. இந்த தடவ என்னால பணம் போட முடியாது, லிஸ்ட்ல என் பேர எதிர்பாக்காத. நீ கேட்டதுல ஒண்ணும் தப்பில்ல. வேலை நல்லபடியா முடியட்டும்."

மொத வரி என் பொய்க்கு நான் கட்டின அபராதம், உங்களுக்கு அது தேவப்படாது. "லிஸ்ட்ல எதிர்பாக்காத"ங்கறதுதான் முக்கியம், அவன் கணக்கு போடறத நிறுத்திடுவான். "இந்த தடவ"ங்கற வார்த்தைய மட்டும் யோசிச்சு போடுங்க, அடுத்த தடவ நிஜமாவே குடுப்பீங்கன்னா மட்டும் போடுங்க. கோயில் வசூலுக்கே குடுக்கறதில்லன்னா "எங்க ஊர் கோயில் வரியோட நிறுத்திக்கறேன்டா, வெளில போடறதில்ல"ன்னு இப்பவே சொல்லிடுங்க, இல்லன்னா அடுத்த வருஷம் திருவிழாவுக்கு மறுபடி வந்து நிப்பான்.

"பணம் இல்லன்னாலும் பந்தில பரிமாற வரேன்"னு சும்மா அளக்க வேணாம். போகலன்னா ரெண்டு தடவ இல்லைன்னு சொன்ன கணக்கு.

4. குரூப்ல டேக் பண்ணிட்டா

லிஸ்ட் 20ஐ தாண்டினதும் எவனாவது ஒருத்தன் "பெரிய கம்பெனிக்காரர் எங்க காணோம்"னு உங்கள டேக் பண்ணுவான், பெரும்பாலும் கேட்டவன் இல்ல, வேற ஒருத்தன். தனி மெசேஜ் ஏற்கனவே போயிருந்தா ஒரே வரி போதும்: "அவன்கிட்ட பேசிட்டேன்டா." குடுத்தேனா இல்லையான்னு அதுல இல்ல, பொய்யும் இல்ல. இன்னும் அனுப்பலன்னா, மொதல்ல தனியா அனுப்பிட்டு அப்புறம்தான் இந்த வரி, மாத்தி பண்ணிடாதீங்க.

திரும்ப கேட்டா புதுசா காரணம் தேடாதீங்க, அதே வரிய இன்னொரு தடவ சொல்லுங்க.

ஒண்ணு மட்டும், இதெல்லாம் கோயில், மாரத்தான், ரீயூனியன் மாதிரி வசூலுக்குத்தான். அவன் வீட்ல யாராவது ஆஸ்பத்திரில இருந்து பணம் கேட்டிருந்தான்னா மெசேஜ் வேணாம், போன் போடுங்க, மொதல்ல அவங்க எப்படி இருக்காங்கன்னு கேளுங்க, பணத்த பத்தி அப்புறம் சொல்லலாம்.

5. அதுக்கப்புறம்

குடுக்காதவன் கொஞ்ச நாள் குரூப்ல வாயே தொறக்க மாட்டான், நானும் அப்படித்தான் கெடந்தேன், அதுதான் அவனுக்கு தப்பா படும். கும்பாபிஷேக போட்டோ போட்டப்பதான் "கோபுரம் பெயிண்டிங் சூப்பர் மாப்ள, யாரு பண்ணது?"ன்னு கேட்டேன். பெயிண்டர் கதைய பத்து மெசேஜா கொட்டிட்டு கடைசில, "மண்டலாபிஷேகம் 48 நாள் நடக்கும், ஒருநாள் வீட்டோட வா மாப்ள, சாப்பாடு நம்ம வீட்ல"ன்னான்.